பொறுமைக்கு ஒரு படம்

சூர்யநாராயணனுக்குப் பொறுமை என்பது ஊருக்கு வந்துபோகும் தூரத்து உறவு மாதிரி. இருக்கிறது என்று தெரியும், முகம் நினைவில்லை.

பரம்பரை பரம்பரையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் கரண்டி பிடித்த குடும்பம் அவருடையது. அவரையும் சின்ன வயதில் அடுப்படிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அரிசி வேகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பார். ஆவியெல்லாம் போய் அரிசி அரைவேக்காட்டில் நின்றுவிடும். "இவன் தொட்டா சாமியே பட்டினி" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டு அரக்கோணத்துக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். பி.ஏ. முடித்து வந்தவர், பேருந்து நிலையத்துக்குப் போகும் தெருவில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்தார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. வாடிக்கையாளர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பேனரை முடித்துவிடுவார். அதனால்தான் ஒருமுறை ஒரு காதுகுத்துக் குழந்தைக்குப் பதிலாகத் தாய்மாமன் படம் நடுவில் வந்தது. தாய்மாமன் ஒன்றும் வருத்தப்படவில்லை.

ஒரே ஒரு பேனரை மட்டும் அவர் தன் கடையில் செய்யவில்லை. மனைவி சாரதாம்பாளின் கண்ணீர் அஞ்சலியை வேறு கடையில் கொடுத்தார். அந்தத் துக்கத்திலும், பேனர் வந்ததும் முதலில் அவர் சொன்னது, "ஓரத்துல பூவேலை ஒரு பக்கம் இறங்கியிருக்கு" என்பதுதான். பக்கத்தில் நின்ற மகள் தேவயானி அவரைப் பார்த்த பார்வையை அவர் இன்றுவரை மறக்கவில்லை. மனிதனுக்கு அழுகை வராதபோது வாயில் வேறென்னவோ வந்துவிடுகிறது.

அது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்கிடையில் அவருடைய வலது தோள் இறுகிக்கொண்டது. கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. சீப்பு தலைக்கு எட்டாது, தலையைத்தான் சீப்புக்குக் கொண்டுபோக வேண்டும். கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்து இங்கே இயன்முறை சிகிச்சை நிலையம் நடத்தும் ப்ரியாவிடம் காட்டினார். ஊரில் எல்லோருக்கும் அவர் டாக்டரம்மாதான். "சரியாகும் சார். மாசக் கணக்குல ஆகும், தினம் வரணும்" என்றார் ப்ரியா. சூர்யநாராயணன் சில நாள் போனார். அடுத்த வாரம் ப்ரியா கடைத்தெருவில் எதிரே வந்தபோது, சட்டென்று ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்து, தேவையே இல்லாமல் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்தார். அதுவும் அளவு சின்னது.

செருப்புக் கடை எல்லா நாளும் கைகொடுக்காதே. ஒரு திங்கட்கிழமை ப்ரியா நேராகக் கடைக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், ஆளையே காணோம்?"

"வேலை டாக்டர். மூச்சு விட நேரமில்ல."

"கையத் தூக்க முடியல, அப்புறம் இன்னா வேலை?"

"மௌஸுக்குக் கையத் தூக்க வேணாமே."

ப்ரியா சிரிக்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னார். சிகிச்சைக் கூடத்தைப் பெரிதாக்கி வெள்ளையடிக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு. படுக்கைகளுக்கு எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு படம் வேண்டும். "பொறுமைன்னா இன்னான்னு அதப் பாத்தா தெரியணும். எழுத்து ஒண்ணும் வேணாம். எழுதிப் போட்டா யாரும் படிக்கறதில்ல. பாதி வைத்தியத்துல ஓடிப்போறவங்க அதப் பாத்துட்டு நிக்கணும்."

"ஓடிப்போறவங்களா?"

"ஆங். உங்கள மாதிரி."

கடைசியில் ஒரு பந்தயம் போட்டுக்கொண்டார்கள். படம் ப்ரியாவுக்குப் பிடித்துவிட்டால், தோளைப் பற்றி அவர் இனி வாயே திறக்க மாட்டார். பிடிக்காவிட்டால், ப்ரியா சென்னையிலிருந்து ஒரு சூரிய உதயப் படம் வாங்கி மாட்டிக்கொள்வார். சூர்யநாராயணன் கை பின்மண்டையைத் தொடும்வரை தினமும் வந்து படுக்க வேண்டும்.

சூர்யநாராயணனுக்கு உள்ளுக்குள் குதூகலம். இப்போதெல்லாம் அவர் கடையில் படங்களை ஏஐ செய்கிறது. வேண்டியதை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதினால் போதும். இவர் பி.ஏ. ஆயிற்றே. ப்ரியா படியிறங்குவதற்குள் 'பொறுமையைக் காட்டும் அழகான படம்' என்று எழுதி அனுப்பிவிட்டார். வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. மாலைக்குள் முப்பது படம் சேர்ந்துவிட்டது. வாடிக்கையாளருக்கு நிறைய மாதிரி காட்ட வேண்டும் என்பது கடைத்தெரு தர்மம்.

மறுநாள் முப்பதையும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு போனார். கூடத்தில் வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். திருவாலங்காட்டு ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டும் கங்காதரன், முழங்காலுக்கு மின்சாரப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளிப்பட்டுத் தறிக்காரி சந்திரா, கப்பியில் கயிறு மாட்டி ஏறி இறங்கும் கைகளோடு நின்றிருந்தாள். உதவிக்கு இருக்கும் சின்னம்மாள் ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள்.

ப்ரியா படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மரத்தடியில் தாடிக்காரர். பாறைமேல் தாடிக்காரர். விளக்கின் முன் தாடிக்காரர். நடுநடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூழாங்கற்கள், மணல் கடிகாரம், உள்ளங்கையில் முளைத்த செடி. அப்புறம் மறுபடி தாடிக்காரர்.

"சார், இது எல்லாம் ஒரே ஆளு."

"இல்ல டாக்டர், இதுல பாருங்க, தாடி நீளம்."

கங்காதரன் எட்டிப் பார்த்தான். "இவரு பொறுமையா இல்ல சார். சவரத்துக்குக் காசு இல்லாம உக்காந்துகினு இருக்காரு."

"இன்னொருத்தருக்கு ஒரு கால்ல ஆறு விரல் சார்" என்றாள் சந்திரா, கயிற்றை விடாமலே. "ஆனா பாவம், அவரும் பொறுமையாத்தான் இருக்காரு."

சூர்யநாராயணனுக்கு முகம் சுருங்கியது. காதுகுத்து பேனரில் பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி, பத்து மாதிரி காட்டுவாரே, அதையேதான் இங்கேயும் செய்திருக்கிறார். ஒரே இட்லியை முப்பது தட்டில் வைத்துவிட்டு விருந்து என்று நினைத்துவிட்டார். படம் முப்பது, யோசனை ஒன்று. அந்த ஒன்றும் அவருடையதில்லை. 'பொறுமை' என்ற சொல்லைக் கொடுத்தால் உலகம் முழுக்க யார் யாரோ அந்தச் சொல்லுக்குப் போட்டுவைத்த படங்களின் சராசரியைத்தான் இயந்திரம் எடுத்து நீட்டுகிறது. உலகத்துச் சராசரிப் பொறுமைக்குத் தாடி இருக்கிறது.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்குது" என்றார் ப்ரியா. "இல்ல, இப்பவே படுத்துக்கறீங்களா?"

சூர்யநாராயணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் யோசனைகளைச் சேர்ப்போம் என்று முடிவுசெய்தார். நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. முதலில் வாயில் வருவதெல்லாம் ஏற்கெனவே பார்த்ததாகத்தான் இருக்கும். அவை தீர்ந்த பிறகுதான் சொந்தச் சரக்கு வரும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. கல்லூரியில் சுவரிதழ் நடத்தியவர். தெரிந்ததைச் செய்யாமல் இருப்பதில்தான் அவருக்கு அனுபவம் அதிகம்.

"நீங்கல்லாம் சொல்லுங்க. பொறுமைன்னா கண்ணுக்கு இன்னா தெரியுது? எதுனாலும் சொல்லலாம்."

"ஆலை வாசல்" என்றான் கங்காதரன் உடனே. "கரும்பு லோடோட டிராக்டர் வரிசை. ரோடு முழுக்க. மொத வண்டிக்காரன் அடியில பாய் போட்டுத் தூங்கறான்."

"அது பொறுமை இல்ல. தூக்கம்" என்றாள் சந்திரா.

"முழிச்சிகினு இருந்தா சண்டை வருதே!"

"தறியில அறுந்த இழை" என்றாள் சந்திரா. "ஒண்ணொண்ணா முடிச்சுப் போடணும். எங்க பாவா, அதான் எங்க வீட்டுக்காரரு, போட மாட்டாரு. நடுவுலயே எழுந்து டீ குடிக்கப் போயிடுவாரு. நான்தான் போடணும்."

"அப்ப பொறுமைக்கு உங்க பாவா படம் வேணாம்?"

"வேணாம் வேணாம். அவர டீக்கடைக்குப் படமாப் போடுங்க."

சின்னம்மாள் மெழுகுச் சட்டியைக் கிளறியபடி சொன்னாள்: "மலையில மொட்டை போடற எடத்துல பாருங்க. பாதித் தலை வழிச்சிருக்கும், கொழந்த ஓடப் பாக்கும். அம்மாக்காரி புடிச்சிகினு இருப்பா. கத்தி வெச்சவரு கைய எடுத்துட்டுச் சும்மா நிப்பாரு."

மூடிய ரயில்வே கேட், மின்சாரம் வரக் காத்திருக்கும் விசிறி, ஈரம் காயாத சுவர், பிள்ளை வாயில் ஊட்டிய கவளம் வெளியே வந்து மறுபடி உள்ளே போவது, போனில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். ஆளாளுக்குச் சொன்னார்கள். சூர்யநாராயணன் போனில் தட்டிக்கொண்டே வந்தார். ஓட்டம் நின்றபோது கேள்வியை மாற்றிப் போட்டார். பொறுமை ஓர் இடமாக இருந்தால் எந்த இடம்? ஒரு சாமானாக இருந்தால்? சத்தமாக இருந்தால்? பொறுமை இல்லாததை எப்படிக் காட்டுவது?

"பொறுமை இல்லாததா?" என்றான் கங்காதரன். "அதுக்கு நீங்களே நில்லுங்க சார்."

எல்லோரும் சிரித்ததில் சந்திராவின் கயிறு நழுவியது.

அவருக்கும் ஒன்று தோன்றியது. இரண்டு தட்டு வைத்த சாப்பாட்டு மேசை. ஒரு தட்டில் பிசைந்த சோறு தொடாமல் இருக்கிறது, மற்றது கவிழ்த்தே இருக்கிறது. கவிழ்த்த தட்டின் எதிரே யாரோ உட்கார்ந்து, தெருவில் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று கவனிக்கிறார்கள். வருஷக் கணக்காக அவர் கடையிலிருந்து தாமதமாகப் போயிருக்கிறார். பசியில் வீட்டுக்குள் நுழையும்போதே சாரதாம்பாளிடம் "சோறு ஆறிப்போச்சா?" என்றுதான் கேட்டிருக்கிறார். அதைப் போனில் தட்டவில்லை. "வேற?" என்று கேட்டார்.

மறுநாள் புதன்கிழமை. ப்ரியாவோடு உட்கார்ந்து பட்டியலைக் கழித்தார். படுக்கையில் கிடப்பவருக்குத் தூரத்திலிருந்தே புரிய வேண்டும். ஒரே விஷயம் இருக்க வேண்டும். பார்ப்பவரை வெட்கப்படுத்தக் கூடாது. ஆலை வாசல் பிரமாதம், ஆனால் கூட்டம் அதிகம். மொட்டைக் குழந்தை அழகு, ஆனால் வலியில் கிடப்பவருக்கு எதிரே கத்தி வேண்டாம். ரயில்வே கேட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் கோபம்தான் வரும்.

"இதுல எல்லாம் யாரோ காத்துக்கினு இருக்காங்க சார்" என்றார் ப்ரியா. "எங்க ஆளுங்க காத்துக்கினு இல்ல. செஞ்சிகினு இருக்காங்க. நேத்து செஞ்சதையே இன்னிக்கும். அதுதான் அவங்களுக்கு வெறுத்துப் போவுது."

அது நியாயமாகப் பட்டது. மனிதரையே எடுத்துவிட்டால் என்ன என்று சூர்யநாராயணன் யோசித்தார். மனிதர் போன பிறகு பொறுமை எதையாவது விட்டுவிட்டுப் போகுமா? தேய்ந்த படி, தேய்ந்த அம்மி என்று இரண்டு மூன்று எழுதிப் பார்த்தார். எல்லாமே எங்கேயோ பார்த்தவையாக இருந்தன. எழுந்து உலாத்தினார். உள்கூடத்தில் வெள்ளையடிப்பவர் ஏணி போட்டு வாளியைக் கரைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கச் சுவரைப் பார்த்ததும் சூர்யநாராயணன் நின்றுவிட்டார்.

இறுகிய தோளுக்கு அங்கே கொடுக்கும் பயிற்சி எளியது. சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரல்களைச் சிலந்தி மாதிரி சுவரில் நடத்தி மேலே கொண்டுபோக வேண்டும். நேற்று எட்டிய இடத்துக்கு இன்று ஒரு விரல் மேலே. உடம்புக்குத் தேய்த்த தைலம் விரலில் இருக்கும். இளம்பச்சைச் சுவரில், இடுப்பு உயரத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக எண்ணெய் விரல் தடங்கள் ஏறியிருந்தன. சில தலைக்கு மேலே போயிருந்தன. ஒரு வரிசை கதவு நிலைக்கும் மேலே. அங்கே யாரும் நிற்கவில்லை. ஆனால் கூட்டமாக இருந்தது.

"இந்த அழுக்கு இன்னியோட போவுது" என்றாள் பின்னால் வந்த சின்னம்மாள். "தேய்ச்சித் தேய்ச்சி என் தோளு போச்சி. அதோ, அது உங்களுது சார். அது மட்டும் கறுப்பு."

அவருடைய விரலில் எப்போதும் அச்சு மை இருக்கும். நெஞ்சு உயரத்தில் நாலைந்து கறுப்புத் தடங்கள், அப்புறம் ஒன்றும் இல்லை. அந்தச் சுவரிலேயே ஆகக் குட்டையான வரிசை அவருடையதுதான்.

வலிக்காக அவர் ஓடவில்லை. வீட்டில் பரண்மேல் சாரதாம்பாளின் புடவைப் பெட்டி இருக்கிறது. "எறக்கிக் கொடுங்கப்பா, யாருக்காவது கட்டக் கொடுக்கலாம்" என்று தேவயானி ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். "கை தூக்க முடியலம்மா" என்று இவர் சொல்கிறார். நல்ல பதில். மறுத்துப் பேச முடியாத பதில். கை சரியாகிவிட்டால் அந்தப் பதில் போய்விடும். தோளைக் காட்டி மகளை ஏமாற்றலாம், சுவரை ஏமாற்ற முடியவில்லை.

கிடைத்துவிட்டது என்ற துடிப்பில் போனை எடுத்து விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தார். சுவரின் நிறம், தடங்களின் அளவு, ஏறும் சாய்வு, ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி விழுகிறது. ஒரு சொல்லை எழுதி அழித்தார். சரியான ஆங்கிலச் சொல் கிடைக்காமல் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது சுவர் வெள்ளையாக இருந்தது.

"ஐயோ! அதுக்குள்ள அடிச்சிட்டியா?"

"நீங்கதான் சும்மா நின்னுகினு இருந்தீங்களே" என்றார் வெள்ளையடிப்பவர்.

ப்ரியா ஓடிவந்தார். "போட்டோ எடுத்தீங்களா சார்?"

சூர்யநாராயணன் கையிலிருந்த போனைப் பார்த்தார். பின்பக்கம் மூன்று கேமரா. கண்ணெதிரே படம் நின்றுகொண்டிருக்க, அதற்கு வர்ணனை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். வாழ்நாளில் ஒரே ஒருமுறை நிதானமாக ஒரு காரியம் செய்தார், அதுவும் இப்படி முடிந்தது. கங்காதரன் சிரித்துச் சிரித்து, காலில் கட்டிய பட்டை அவிழ்ந்துபோனது.

ஆக, இனி எழுதித்தான் வரவழைக்க வேண்டும். கடைக்குப் போய் உட்கார்ந்தார். 'சுவரில் ஏறும் கைத்தடங்கள்' என்று கொடுத்ததற்குப் பேய்ப்படம் வந்தது. சுவர் முழுக்க ரத்த நிறத்தில் உள்ளங்கைகள். இதை மாட்டினால் நோயாளிகள் பாதியில் இல்லை, வாசலிலேயே ஓடிவிடுவார்கள். 'மனிதர் வேண்டாம்' என்று சேர்த்தார். மனிதர் வந்தார். அதுவும் தாடியோடு. வேண்டாம் என்று சொல்லக்கூட அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னால் வந்து நின்றுவிடுகிறது. சாரதாம்பாளை நினைக்கக் கூடாது என்று உட்காரும்போதெல்லாம் அவருக்கு வீட்டில் இந்த அனுபவம் உண்டு.

பிறகு இல்லாததை எழுதுவதை விட்டுவிட்டு, இருந்ததை மட்டும் எழுதினார். பொறுமை என்ற சொல்லை அடியோடு எடுத்தார். காலியான அறை. இளம்பச்சை பூசிய பழைய சுவர், நேருக்கு நேர், அகலமாக. விரல்நுனி அளவு மங்கலான எண்ணெய்க் கறைகள், இடுப்பு உயரத்தில் தொடங்கிச் சின்னச் சின்ன இடைவெளியில் வரிசையாக மேலேறுபவை. சில கதவு நிலையைத் தாண்டியவை. கறைகள் மினுங்கும்படி இடப்பக்க ஜன்னலிலிருந்து காலை வெயில். உயரம் தெரிவதற்காக ஓரத்தில் ஒரு சாதாரண மர நாற்காலி. ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லை மட்டும் மாற்றி, வந்ததைப் பார்த்து, அடுத்ததை மாற்றினார். வெயில் சரியானால் கறை பெரிதானது. கறை சரியானால் நாற்காலிக்கு மூன்று கால். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டார். கடைசியாக ஒரு வரி சேர்த்தார்: நெஞ்சு உயரத்தோடு நின்றுவிட்ட ஒரு சின்ன வரிசை, கறுப்பு மையில்.

அன்று மாலை ப்ரியா படத்தின் வரிசைகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்தக் கறுப்பு வரிசையில் விரலை வைத்தார்.

"இது யாரோடது?"

"மெஷின் தானாப் போட்டது. சில சமயம் அப்படி வந்துடும்."

"சரி" என்றார் ப்ரியா. "நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே தோளப் பத்தி நான் கேக்க மாட்டேன்."

அவர் சொன்னபடியே நடந்துகொண்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பொங்கல் கொடுக்கும்போது ப்ரியா எல்லோரையும் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். சூர்யநாராயணனிடம் மட்டும், "பொங்கல் போதுமா சார்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.

படம் எதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே நின்றது. வந்தவர்கள் முதலில் நெருங்கிப் பார்த்தார்கள். சந்திரா யாரையும் கேட்கவில்லை. படத்தின் ஒரு வரிசையில் இரண்டு விரலை வைத்து நடத்தி மேலே போனாள். முகத்தைச் சுளித்தாள், இன்னும் ஒரு விரல் ஏறினாள்.

"ஏம்மா, புதுப் படம்! எண்ணெக் கை!" என்று சின்னம்மாள் துணியோடு ஓடினாள். ப்ரியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கங்காதரன் நொண்டிக்கொண்டு வந்து கறுப்பு வரிசையைக் காட்டினான். "பாத்தீங்களா, இது ஒண்ணு பாதியிலயே நின்னுடுச்சி. யாரோ பயந்தாங்கொள்ளி."

"பயமில்லப்பா" என்றார் சூர்யநாராயணன். பொங்கல் தொன்னையை அவனிடம் கொடுத்தார். படத்துக்கு நேராக நின்று, வலது கையைத் தூக்கி, கடைசிக் கறுப்புத் தடத்துக்கு ஒரு விரல் மேலே வைத்தார். தோளுக்குள் எதுவோ துரு பிடித்த கீல் மாதிரி முனகியது.

ப்ரியா தூரத்திலிருந்து கேட்டார், "இன்னா சார், பந்தயம் மறந்துடுச்சா?"

"வைத்தியத்துக்கு ஒண்ணும் வரல டாக்டர். படத்துல ஒரு பிழை இருக்கு. திருத்திகினு இருக்கேன்."

"எத்தன நாள்ல திருத்துவீங்க?"

சூர்யநாராயணன் அடுத்த விரலை ஏற்ற இடம் தேடிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் நின்றது. யாராவது கேட்டால் வலிதான் என்று சொல்லலாம், நல்ல பதில்.

"மூச்ச விடுங்க சார்" என்றாள் சின்னம்மாள் பக்கத்தில் வந்து. "மூச்ச அடக்கிகினு யாரும் மேல போவ முடியாது."

விட்டார். விரல் அரை அங்குலம் ஏறியது. அப்புறம், வழக்கப்படி, அவசரப்பட்டு இன்னும் ஒன்றுக்கு முயன்று "அம்மாடி" என்று கத்தினார். கூடமே சிரித்தது. கையை இறக்கவில்லை.